கரைந்துபோக வேண்டிய மருந்து: ஒரு பால் பல்லின் வேர்ச் சிகிச்சை

ஒரே பிள்ளை, ஒரே கீழ்த்தாடை. இடது பக்கம் ஒரு பல், வலது பக்கம் ஒரு பல். இரண்டுமே இரண்டாவது பால் கடைவாய்ப் பற்கள், இரண்டிலும் ஆழமான சொத்தை. வலது பல்லுக்கு ஒரே அமர்வில் வேலை முடிந்துவிட்டது. இடது பல்லுக்கு இரண்டு முறை வர வேண்டியிருந்தது, கட்டணமும் கூடுதல். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்: “ரெண்டுமே நரம்பு சிகிச்சைதானே டாக்டர்? மேல போட்ட ஸ்டீல் கேப்பும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?”

நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்விதான். ஆனால் பில் கட்டும் இடத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் அந்தப் பிள்ளையின் கதையை வைத்தே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பல்லில் நடந்ததை மாற்றவில்லை.

பிள்ளைக்கு ஐந்து வயது, பாலர் பள்ளியில் முதலாம் ஆண்டு. இரவில் பால் புட்டியோடு தூங்கும் பழக்கம் மூன்று வயது தாண்டியும் இருந்திருக்கிறது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, நல்ல விஷயம்தான். ஆனால் ராத்திரி முழுவதும் பல்லில் தேங்கி நிற்கும் பாலை அது ஒன்றும் செய்துவிடாது. தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்ததும் பள்ளிப் பல் மருந்தகத்தில் பார்ப்பார்கள் என்று பல பெற்றோர் காத்திருக்கிறார்கள். பால் கடைவாய்ப் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்பு அறையோ பெரியது. சொத்தை மேற்பரப்பிலிருந்து நரம்பைத் தொட அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை.

அம்மா வந்தது வலது பல்லுக்காக. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் கூசுகிறது, சாக்லேட் மாட்டிக்கொண்டால் வலிக்கிறது, வாய் கொப்பளித்தால் நின்றுவிடுகிறது என்றார். இடது பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார்: சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் ராத்திரியில் எழுந்து அழுதாளாம், பாரசிட்டமால் மருந்து கொடுத்தார்களாம், சில நாளில் தானாகச் சரியாகிவிட்டதாம். கூட வந்திருந்த பாட்டிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. “கிராம்பு வச்சேன்மா, அதுலயே அடங்கிடுச்சு.”

அடங்கவில்லை. செத்துவிட்டது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தூண்டுதல் எதுவும் இல்லாமல் தானாக வரும் வலி, பிறகு ஒருநாள் திடீர் அமைதி: பல்லுக்குள் இருக்கும் கூழ் அழற்சியில் தொடங்கி அழுகலில் முடிகிற பாதை இது. நாம் பேச்சில் ‘நரம்பு’ என்று சொல்வது வெறும் நரம்பு அல்ல. ரத்தக் குழாய்கள், நரம்பிழைகள், செல்கள் எல்லாம் சேர்ந்த மென்மையான திசு அது. பல்லின் தலைப்பகுதியில் ஒரு அறையிலும், அங்கிருந்து வேர்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்களிலும் இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை வலிக்கும். முழுக்கச் செத்த பிறகு வலிக்க அங்கே எதுவும் இல்லை. கிருமி மட்டும் நிம்மதியாகக் குடியிருக்கும்.

உதட்டை விலக்கிப் பார்த்தால் இடது பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சிறு கொப்புளம். மிளகளவு இருக்கும், நுனியில் மஞ்சள். விரலால் அழுத்தினால் துளி சீழ் வந்தது. பிள்ளைக்கு வலிக்கவே இல்லை. சீழுக்கு வெளியே போக வழி கிடைத்துவிட்டதால் உள்ளே அழுத்தம் ஏறவில்லை, அவ்வளவுதான். வலி இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எக்ஸ்ரேயில் மீதி தெரிந்தது. பால் கடைவாய்ப் பல்லில் நோய் பெரியவர்களின் பல்லைப் போல வேர் நுனியில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் இரண்டு வேர்களும் பிரியும் கவட்டையில்தான் முதலில் தெரியும். காரணம், நரம்பு அறையின் தளம் மெல்லியது, அதில் கண்ணுக்குத் தெரியாத கிளைத் துளைகள் உண்டு. அழுகிய கூழின் கழிவு அவற்றின் வழியாக நேராகக் கவட்டை எலும்புக்குள் கசியும். இந்தப் பிள்ளையின் இடது பல்லில் கவட்டைக்கு நடுவே எலும்பு கரைந்து ஒரு கருநிழல் விழுந்திருந்தது. வலது பல்லில் சொத்தை நரம்புக்கு மிக அருகில், ஆனால் கவட்டை எலும்பு வெள்ளையாக, முழுசாக இருந்தது.

அந்தக் கவட்டைக்குக் கீழேதான் பின்னால் முளைக்கப் போகும் நிரந்தர முன்கடைவாய்ப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வயதில் அதன் தலைப்பகுதி இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். மேலே சீழ் நிற்க நிற்க, கீழே உருவாகும் எனாமல் பாதிக்கப்படலாம். பழுப்புப் புள்ளியோடோ குழியோடோ முளைக்கும் நிரந்தரப் பற்களில் ஒரு பகுதிக்கு மூலம் இதுதான். “விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு?” என்று பாட்டி கேட்டபோது எக்ஸ்ரேயில் அந்த மொட்டைத்தான் காட்டினேன். இவ்வளவு நாள் நின்ற சீழால் ஏதாவது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கிறதா என்பது அந்தப் பல் முளைத்தால்தான் தெரியும் என்பதையும் சொன்னேன். சிகிச்சை இனிமேல் நடப்பதைத் தடுக்கும், நடந்ததைத் திருப்பாது.

சரி, பிடுங்கிவிட்டால் என்ன? சில நேரம் அதுதான் சரியான முடிவு. ஆனால் இந்தப் பல்லுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆறு வயதுவாக்கில் இதற்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது வழி பிடித்து வருவது இந்தப் பால் பல்லின் முதுகை ஒட்டித்தான். ஐந்து வயதிலேயே இதைப் பிடுங்கினால் பின்னால் வருகிற பல் முன்னோக்கிச் சரிந்து, கீழே காத்திருக்கும் மொட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈறுக்குள் ஒரு உலோகத் தகடு இறங்கும் இடம்காப்பான் போடலாம். ஐந்து வயதுப் பிள்ளை வாயில் அதைப் பராமரிப்பது பெரும்பாடு. இதே பல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படிக் கெட்டிருந்தால் நான் வேர்ச் சிகிச்சை பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன்.

இனி அம்மாவின் கேள்விக்கு வரலாம். வலது பல்லுக்குச் செய்தது பல்பாட்டமி, இடது பல்லுக்குச் செய்தது பல்பெக்டமி. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அளவு மட்டும் அல்ல வித்தியாசம். முதலாவது, வேரில் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்வது. இரண்டாவது, அந்த உயிர் போய்விட்டது, அல்லது மீட்க முடியாத அழற்சியில் இருக்கிறது என்று தெரிந்து செய்வது.

வலது பல்லில் மரத்துப்போக ஊசி போட்டு, ரப்பர் திரை மாட்டி, சொத்தையை எடுத்து அறையைத் திறந்தபோது ரத்தம் வந்தது. நல்ல சிவப்பு. அறைக்குள் இருந்த கூழை மட்டும் சுத்தமாக அகற்றினேன். வேர்களுக்குள் இறங்கும் வாய்களில் கூழ் துண்டித்த இடத்தில் நிற்கிறது, ரத்தம் கசிகிறது. ஈரமான பஞ்சு உருண்டையை அதன்மேல் அழுத்திப் பிடித்துக் காத்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் முக்கியமான கட்டம். சுமார் ஐந்து நிமிடத்துக்குள் கசிவு நின்றுவிட்டால் வேரில் இருக்கும் கூழ் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கருஞ்சிவப்பாக வந்துகொண்டே இருந்தால் அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். பல்பாட்டமிக்கு என்று படுத்த பிள்ளைக்கு அங்கேயே திட்டத்தை மாற்ற வேண்டிவரும். சம்மதம் வாங்கும்போதே இரண்டையும் சொல்லி வைப்பது அதனால்தான். இந்தக் கசிவுச் சோதனை நூற்றுக்கு நூறு நம்பகமானது அல்ல. வெளியே அமைதியாகத் தெரிந்து உள்ளே கெட்டிருக்கிற வேர்களும் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாயில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல சோதனை கைவசம் இல்லை.

இவளுக்கு ரத்தம் நின்றது. வேர் வாய்களின் மேல் எம்டிஏ என்ற சிமெண்டை வைத்தேன். கால்சியம் சிலிக்கேட் வகை. உயிருள்ள கூழோடு ஒத்துப்போகும், அதன்மேல் கூழ் தனக்குத்தானே ஒரு கடினத் தடுப்பை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு மேல் அடைப்பு, அதற்கும் மேல் ஸ்டீல் கேப். முடிந்தது. ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஃபார்மோகிரசால் என்ற மருந்தைத் தொட்டு வைப்பார்கள். அது கூழைப் பதப்படுத்தி வைக்கும் மருந்து. ஃபார்மால்டிஹைடு பற்றிய கவலையாலும் எம்டிஏ நன்றாக வேலை செய்ததாலும் பல இடங்களில் அது ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

இதே சிமெண்டை இடது பல்லில் வைத்திருந்தால்? வைக்கும் இடத்துக்குக் கீழே ஆறுவதற்கு எதுவும் இல்லை. வேர்க்குழாய் முழுக்க அழுகல். அதற்கு மூடி போட்டு அடைத்ததாகத்தான் ஆகியிருக்கும். சீழ் கவட்டை வழியாகவே வேலையைத் தொடர்ந்திருக்கும்.

இடது பல்லைத் திறந்தபோது ரத்தமே இல்லை. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ, கூடவே அந்த வாடை. பல் மருத்துவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு விவரிக்காமல் விடுகிறேன். கீழ்த்தாடை இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் இரண்டு: முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள், பின்வேரில் ஒன்றோ இரண்டோ. இவளுக்கு மொத்தம் மூன்று கிடைத்தன.

முதல் வேலை நீளம் கண்டுபிடிப்பது. பால் பல்லின் வேர் நிலையானது அல்ல. கீழிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர வேர் கரையும். எக்ஸ்ரேயில் தெரியும் நுனியும் உண்மையில் குழாய் திறக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் தெரிகிற நுனிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய கம்பியை இறக்கி, நீளம் காட்டும் மின்கருவியிலும் எக்ஸ்ரேயிலும் சரிபார்த்து, இவளுக்கு முன்வேர்க் குழாய்களில் 15 மில்லிமீட்டரோடு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். தாண்டிப் போனால் மொட்டின் கூரை அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, சுத்தம் செய்வது. இந்தக் குழாய்கள் வட்டமானவை அல்ல. தட்டையாக, நாடாபோல, குறுக்கே கிளைகளோடு இருக்கும். ஃபைல் எல்லா மூலைக்கும் போகாது. வேர்ச் சுவர் மெல்லியது என்பதால் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் குடைந்து அகலப்படுத்தவும் கூடாது. 30 அல்லது 35 அளவு ஃபைலோடு நிறுத்திக்கொள்வேன். ஆக, உண்மையான சுத்தம் திரவத்தால்தான் நடக்கிறது. ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டைப் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியால், அழுத்தாமல், மெதுவாக விட்டு விட்டு எடுக்க வேண்டும். அது அழுகிய திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். வேருக்கு வெளியே தள்ளிவிட்டால் நல்ல திசுவையும் அதே மாதிரி எரிக்கும் என்பதால்தான் அந்த நிதானம். இப்போது பால் பற்களுக்கென்றே குட்டையான இயந்திர ஃபைல்கள் வந்துவிட்டன. நேரம் நிறைய மிச்சம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நேரம்தானே பெரிய செலவு.

முன்வேர்க் குழாய்கள் உலர்ந்தன. பின்வேர் உலரவில்லை. காகிதக் குச்சியை இறக்கி எடுத்தால் ஒவ்வொரு முறையும் நுனி ஈரமாக, லேசான மஞ்சளோடு வந்தது. ஈரமான குழாயில் எந்தப் பசையும் சரியாக உட்காராது. அதனால் அன்றைக்கு நிரப்பவில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடை மட்டும் உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். குழாய்கள் உலர்ந்திருந்தால் ஒரே அமர்வில் முடித்திருக்கலாம். அம்மா கேட்ட ‘ஏன் இரண்டு முறை’ என்பதற்கு விடை, அந்தக் காகிதக் குச்சியின் ஈர நுனி.

ஆன்டிபயாடிக் தரவில்லை. இது பற்றி அப்பாவுக்குச் சந்தேகம்; ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்சிசிலின் சிரப் வீட்டில் இருக்கிறது, கொடுக்கலாமா என்று கைப்பேசியில் கேட்டார். ஈறில் வடிந்துகொண்டிருக்கும் கொப்புளத்துக்கு அது தேவையில்லை. செத்த குழாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போகவும் போகாது. கன்னம் வீங்கி, காய்ச்சல் அடித்து, பிள்ளை சோர்ந்து படுத்தால் கதை வேறு: அன்றைக்கே மருத்துவமனை, ஆன்டிபயாடிக், பெரும்பாலும் பல்லையும் எடுக்க வேண்டிவரும்.

இரண்டாம் முறை வந்தபோது கொப்புளம் மறைந்திருந்தது, காகிதக் குச்சியும் உலர்ந்து வந்தது. இனி நிரப்ப வேண்டும். எதை வைத்து?

பெரியவர்களின் வேர்ச் சிகிச்சையில் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற குச்சியை அடைக்கிறோம். ஆயுசுக்கும் அப்படியே இருக்கும், அதுதான் அதன் சிறப்பு. பால் பல்லில் அந்தச் சிறப்பே தொல்லை. வேர் கரைந்து பல் விழ வேண்டிய நேரத்தில் நடுவில் நிற்கும் குச்சி கரையாது. பந்தலைப் பிரித்த பிறகும் நட்ட காலை யாரும் பிடுங்காமல் விட்டதுபோல, முளைத்து வரும் பல்லின் வழியில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே பால் பல்லுக்கு வைக்கும் பசை மூன்று காரியம் செய்ய வேண்டும். கிருமியை அடக்க வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும், வேர் கரையும் வேகத்திலேயே தானும் கரைய வேண்டும். மூன்றாவதை முழுசாகச் செய்கிற பசை இன்றுவரை இல்லை. எல்லாமே கொஞ்சம் வேகம் அல்லது கொஞ்சம் மந்தம்.

மந்தமானது பழைய துத்தநாக ஆக்சைடு யூஜினால். யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயின் சாரம். பாட்டி வைத்த கிராம்பில் இருப்பதும் அதுதான், சொன்னபோது பாட்டிக்கு மகிழ்ச்சி. அந்தக் கலவை உள்ளே இறுகிக் கெட்டியாகும், நல்ல அடைப்பு. ஆனால் வேரைவிட மெதுவாகக் கரையும். நுனி தாண்டி வெளியே போய்விட்டால் துணுக்குகள் எலும்பில் நீண்ட நாள் தங்கும். பால் பல் விழுந்த பிறகும் ஈறுக்குள் வெள்ளைப் பொட்டாக எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. பெரும்பாலும் தொல்லை தராது. சில நேரம் நிரந்தரப் பல் சற்று விலகி முளைக்கலாம்.

வேகமானது ஐயோடோஃபார்மும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்த மஞ்சள் பசை. வைட்டாபெக்ஸ், மெட்டாபெக்ஸ் என்ற பெயர்களில் சிரிஞ்சிலேயே கலந்து வருவது. சிலிக்கோன் எண்ணெய் இருப்பதால் அது இறுகுவதே இல்லை, கடைசிவரை பசையாகவே இருக்கும். நுனியை மெல்லக் குழாயில் இறக்கி, பசையைத் தள்ளிக்கொண்டே பின்வாங்கினால் போதும், நிமிடங்களில் முடிந்துவிடும். வெளியே தள்ளிப்போனாலும் பயமில்லை, உடல் வாரங்களிலோ மாதங்களிலோ உறிஞ்சிவிடும். சிக்கல் என்னவென்றால் உள்ளே இருப்பதையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஒன்றரை வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் வேர் முழுசாக இருக்கும், குழாய் மட்டும் காலியாக இருக்கும். வேறொரு பிள்ளையின் அப்பா அப்படிப்பட்ட ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கோ மருந்தே வைக்காமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படத்தை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் ஆறினார். அந்தப் பல்லில் சீழ் இல்லை, ஆட்டம் இல்லை, கவட்டை எலும்பும் நன்றாக இருந்தது. வெறும் குழாயை வைத்து மட்டும் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலியான குழாய் கிருமி திரும்பக் குடியேற ஒரு இடம் என்பதும் உண்மைதான்.

மூன்றாவது வழி, இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தது: துத்தநாக ஆக்சைடு, யூஜினால், ஐயோடோஃபார்ம், கால்சியம் ஹைட்ராக்சைடு. எண்டோஃபிளாஸ் என்பது இந்த வகையில் தெரிந்த பெயர். வேருக்கு வெளியே போனது கரைந்துவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நின்று தாக்குப்பிடிக்கும். பொடியும் திரவமுமாகக் கலக்க வேண்டும், பல்லில் கறை ஏற்றும், ஆனால் ஸ்டீல் கேப்புக்குள் கறையை யார் பார்க்கப்போகிறார்கள்.

அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தத் தேர்வுக்கு ஒரு கணக்கு தருகிறது. ஒன்றரை வருடத்துக்கு மேல் பார்த்தால் துத்தநாக ஆக்சைடு யூஜினாலும் மேலே சொன்ன கலவையும், ஐயோடோஃபார்ம் பசையைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. அப்படியானால் கேள்வி, எந்தப் பசை சிறந்தது என்பதல்ல. இந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்பதுதான். கீழ்த்தாடை இரண்டாவது பால் கடைவாய்ப் பல் விழுவது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். இவளுக்கு ஐந்து. இன்னும் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். கலவையைத் தேர்ந்தெடுத்தேன்.

கண்ணாடிப் பலகையில் பொடியைத் திரவத்தோடு குழைத்து, லென்டுலோ என்ற சுருள்கம்பியில் தொட்டு, குறைந்த வேகத்தில் சுழலவிட்டுக் குழாய்க்குள் இறக்கினேன். கம்பி குறித்த நீளத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். மீதித் தூரத்தைப் பசை தானாகவே போய்ச்சேரும். சுழலும்போதே வெளியே எடுக்க வேண்டும், நிறுத்திவிட்டு எடுத்தால் பசையும் கூடவே வந்துவிடும், உள்ளே காற்றுக்குமிழி விழும். மூன்று குழாய்களும் நிரம்பியபின் எக்ஸ்ரே. முன்வேரில் இரண்டும் குறித்த இடத்தில் நின்றன. பின்வேரில் நுனிக்கு வெளியே கடுகளவு தள்ளியிருந்தது. அதை அம்மாவிடம் படத்திலேயே காட்டினேன். இந்தக் கலவையில் அது கரைந்துவிடும், நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அறையைக் கண்ணாடி அயனோமரால் அடைத்து, அன்றைக்கே ஸ்டீல் கேப் போட்டேன். கேப்பை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். அதை நான் தள்ளிப்போடுவதில்லை. உள்ளே எவ்வளவு அழகாக நிரப்பியிருந்தாலும் மேலே எச்சில் கசிந்தால் எல்லாம் பாழ். நரம்பு எடுத்த பால் பல் சீக்கிரம் உடையும் என்பது இன்னொரு காரணம்.

எல்லாச் செத்த பால் பல்லுக்கும் இது பொருந்தாது. வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தாலோ, அறையின் தளம் ஓட்டையாகியிருந்தாலோ, கேப் பிடித்து நிற்கும் அளவுக்குப் பல் மிச்சமில்லை என்றாலோ பல்பெக்டமி வீண்வேலை. கிருமி ரத்தத்தில் கலந்தால் இதயத்துக்கு ஆபத்துள்ள பிள்ளைகள், எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் பொதுவாகப் பல்லை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. வேர் கரைந்திருக்கிறது, ஆனால் ஒரு வருடத்துக்காவது இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்றால், குழாயைச் சுரண்டாமல் அறைக்குள் ஆன்டிபயாடிக் பசை வைத்து மூடும் முறை ஒன்று உண்டு. அது தனிக்கட்டுரைக்கான சமாச்சாரம். கீழே மொட்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பற்களில் பிறவியிலேயே இல்லாமல் போகக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. மொட்டு இல்லையென்றால் பால் பல்லையே வருடக்கணக்கில் காப்பாற்ற வேண்டிவரும், அப்போது கரையும் பசைக்கு அங்கே வேலையில்லை.

ஆறு மாதத்தில் வந்தார்கள். ஈறு சாதாரண இளஞ்சிவப்பு, பல்லில் ஆட்டம் இல்லை, தட்டினால் வலி இல்லை. எக்ஸ்ரேயில் கவட்டையின் கருநிழல் சுருங்கியிருந்தது, ஓரத்திலிருந்து புது எலும்பு வர ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடப் படத்தில் நிழல் போய்விட்டது. பின்வேர் நுனியில் தள்ளியிருந்த கடுகும் இல்லை. வலது பல்லில் சிமெண்டுக்குக் கீழே வேர் நன்றாக, உயிரோடு இருந்தது. இரண்டு பக்கமும் ஆறு வயதுப் பல் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

தோல்வி எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டார். இடது பக்கம் கொப்புளம் திரும்ப வருவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, படத்தில் கவட்டை நிழல் மறுபடி பெரிதாவது. வலது பக்கம் பல்பாட்டமி தோற்றால் அதே அடையாளங்களோடு, வேர்க்குழாய் உள்ளிருந்தே அரித்துப் பலூன்போல் வீங்கித் தெரியும். பல நேரம் எந்த வலியும் இருக்காது என்பதால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வை, அவ்வப்போது படம். பிள்ளையின் உடல்நலக் கையேட்டில் எந்தப் பல்லில் என்ன செய்தோம், எந்தப் பசை என்று எழுதிக் கொடுத்தேன். நாளைக்குப் பள்ளிப் பல் மருந்தகத்தில் வேறு யாராவது படம் எடுத்துப் பார்த்தால் அவர்களுக்கு அது வேண்டும்.

இடது பல் விழும் நேரத்தில்தான் இன்னும் ஒரு வேலை பாக்கி. வேர்ச் சிகிச்சை செய்த பால் பல் சில சமயம் கொஞ்சம் முந்தியே விழும், சில சமயம் பசையின் மந்தத்தால் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பத்து பதினொரு வயதில் வலது பல் ஆடத் தொடங்கி இடது பல் அசையாமல் நின்றால் ஒரு படம் எடுக்க வேண்டும். கீழே நிரந்தரப் பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தும் மேலே பால் பல் வழிவிடாமல் நின்றால், ஊசி போட்டு அதை எடுத்துவிடுவேன். அன்று ஈறுக்குள் பசைத் துணுக்கு ஏதாவது தெரிந்தால், கைக்கு எட்டுவதை மட்டும் எடுப்பேன். எட்டாததைத் தேடித் தோண்டி, கீழே இருக்கும் பல்லைக் காயப்படுத்த மாட்டேன்.